முடிவே இல்லாத பரிசுக்கு முடிவுள்ள தொகை: 20,000 எங்கிருந்து வருகிறது?

*கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஆசிரியர் ஒருவர் நினைவாக, வருடத்துக்கு 1,000 வீதம் ஒரு மாணவருக்கு என்றென்றைக்கும் பரிசு கொடுக்க ஒரு நிதி ஏற்படுத்தப் போகிறோம். 5 சதவீத வட்டிக்கு 20,000 போட்டால் போதும் என்கிறார்கள். முடிவில்லாமல் கொடுக்கும் பணத்துக்கு எப்படி முடிவான ஒரு தொகை வரும்? சந்தேகத்தில் நானே எக்செலில் `=1000*(1.05^A1-1)/(0.05*1.05^A1)` என்று போட்டுப் பார்த்தேன். A1-ல் 100 கொடுத்தால் 19,847.91. 1000 கொடுத்தால் சரியாக 20,000. அப்படியானால் ஆயிரம் வருடத்துக்குப் பிறகு எதுவும் கொடுக்க வேண்டாமா? ஒரு லட்சம் கொடுத்தால் #NUM! என்று பிழை வருகிறது. புத்தகத்தில் "n முடிவிலியை நோக்கிப் போகும்போது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கொஞ்சம் விளக்க முடியுமா?*

வணக்கம். முதலில் அந்த #NUM! பிழையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் புத்தகம் ஒரு வரியில் தாண்டிப் போன விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் சூத்திரத்தில் தப்பில்லை. n வருடத்துக்கான ஆண்டுத்தொகையின் இன்றைய மதிப்பு, அதாவது n வருடம் 1,000 வீதம் கொடுக்க இன்று போட வேண்டிய தொகை, அதுவேதான். ஆனால் மேலேயும் 1.05^n, கீழேயும் 1.05^n. n பெரிதாகப் பெரிதாக இரண்டும் பூதாகரமாக வளர்கின்றன. எக்செலால் ஏறக்குறைய 1-க்குப் பிறகு 308 பூஜ்யம் வரைதான் ஒரு எண்ணை வைத்துக்கொள்ள முடியும், 1.05-ஐ 14,500 தடவைக்குச் சற்று அதிகமாகப் பெருக்கினால் அந்த வரம்பு உடைந்துவிடும். நீங்கள் கொடுத்தது ஒரு லட்சம். ஆக, எக்செல் "விடை இல்லை" என்று சொல்லவில்லை, "இந்த வழியாக என்னால் போக முடியாது" என்கிறது. காகிதத்தில் செய்தாலும் இதே இடத்தில்தான் மாட்டுவீர்கள், மேலே முடிவிலி, கீழே முடிவிலி, அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வரும் வழியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மேலேயும் கீழேயும் 1.05^n-ஆல் வகுத்துவிடுங்கள்:

```
=1000*(1-1.05^-A1)/0.05
```

மதிப்பு மாறவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது n இருப்பது ஒரே ஒரு இடத்தில், அதுவும் வளராமல் சுருங்கிக்கொண்டே போகும் இடத்தில். ஒரு லட்சம் போடுங்கள், பிழை வராது, 20,000 வரும். இந்த வடிவத்தைப் பார்த்ததுமே எல்லையும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது: 1.05^-n பூஜ்யத்தை நெருங்குகிறது, மிச்சம் நிற்பது 1000/0.05.

இப்போது உங்கள் ஆயிரம் வருடம். இன்னும் குறைவாக, 750-ஐத் தாண்டிய உடனேயே எக்செல் 20,000 என்று சொல்லத் தொடங்கிவிடும், காரணம் கணக்கு அங்கே முடிந்துவிட்டது என்பதல்ல. கணினி ஒரு எண்ணில் ஏறக்குறைய 15, 16 இலக்கங்களைத்தான் வைத்திருக்கும். 1.05^n அதைவிடப் பெரிதானதும் அதிலிருந்து 1-ஐக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் கணினிக்கு ஒன்றுதான். உண்மையில் ஆயிரம் வருடத்துக்கான மதிப்பு 20,000-ஐவிடக் குறைவுதான். குறையும் அளவு, புள்ளிக்குப் பிறகு பதினாறு பூஜ்யம் போட்டு அப்புறம் 13 என்று எழுத வேண்டிய அளவு. எந்த n-க்கும் அது 20,000 ஆகாது. "எல்லை" என்ற சொல்லை ஏதோ ஒரு நாள் போய்ச் சேரும் ஊர் மாதிரி நினைத்துக்கொள்வதால்தான் "அதற்குப் பிறகு கொடுக்க வேண்டாமா" என்ற கேள்வி வருகிறது. போய்ச் சேர்வதே இல்லை.

சரி, அப்படியானால் எந்த அர்த்தத்தில் 20,000 என்கிறோம்? இதற்குச் சின்னதாக ஒரு பந்தயம் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள், எத்தனை வருடத்தில் அந்த வித்தியாசத்துக்குள் வந்துவிடும் என்று நான் சொல்கிறேன். வித்தியாசம் 1-க்குக் கீழே வர வேண்டுமா? 203 வருடம். ஒன்றில் நூறில் ஒரு பங்குக்குக் கீழேயா? 298 வருடம். இன்னும் நூறு மடங்கு நெருக்கம் கேட்டால் இன்னும் ஒரு 94, 95 வருடம் சேர்த்துக்கொள்வேன், அவ்வளவுதான், எவ்வளவு நெருக்கமாகக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும், அதற்குப் பிறகு வரும் எந்த n-க்கும் அந்த நெருக்கம் குலையாது. இதையே 19,990 என்று ஒருவர் சொன்னால் பந்தயத்தில் தோற்றுவிடுவார், ஏனென்றால் 156-வது வருடத்தோடு தொகை அதைக் கடந்து மேலே போய்விடும். 20,010 என்று சொல்பவரும் தோற்பார், அந்த 10 இடைவெளியை எத்தனை வருடமானாலும் மூட முடியாது. 20,000 ஒன்றுதான் தோற்காமல் நிற்கும் எண். முடிவில்லாத எண்ணிக்கையில் எதையும் உட்கார்ந்து யாரும் கூட்டவில்லை. முடிவுள்ள கூட்டல்களின் வரிசை ஒன்று இருக்கிறது, அது எந்த எண்ணை விடாமல் நெருங்குகிறதோ அந்த எண்ணையே "முடிவில்லாத தொகையின் மதிப்பு" என்று வைத்துக்கொள்கிறோம்.

இதுவரை சொன்னது கணிதம். ஆனால் நிதிக் கணக்கே பிழைப்பாக இருக்கும் எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: அந்தக் குறை, அதாவது 20,000-க்கும் n வருட மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், வெறும் சுருங்கும் எண் அல்ல. அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள்.

20,000-ஐ 5 சதவீதத்தில் போடுங்கள். வருடக் கடைசியில் வட்டி 1,000 வருகிறது, அதைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறீர்கள், அசல் அப்படியே இருக்கிறது. மறுவருடமும் அதே. இப்படி 20 வருடம் நடத்திவிட்டு, போதும் என்று நிதியைக் கலைக்கிறீர்கள் என்று வையுங்கள். கையில் என்ன இருக்கிறது? இருபது பரிசு கொடுத்தாயிற்று, 20,000 அசல் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறது. அப்படியென்றால் இன்று நீங்கள் போட்ட 20,000 இரண்டு பொருளை வாங்கியிருக்கிறது: ஒன்று, இருபது வருடப் பரிசு. இன்னொன்று, இருபது வருடம் கழித்துக் கையில் வரும் 20,000. இரண்டாவதன் இன்றைய மதிப்பு 20,000-ஐ 1.05^20-ஆல் வகுத்தால் கிடைக்கும் 7,538. அப்படியானால் முதலாவதன் மதிப்பு மீதி, 12,462. உங்கள் சூத்திரத்தில் A1-ல் 20 போட்டுப் பாருங்கள், அதேதான் வரும்.

அதாவது எந்த n-க்கும்,

n வருடத்துக்கான மதிப்பு = 20,000 − (n வருடம் கழித்துத் திரும்பி வரும் 20,000-இன் இன்றைய மதிப்பு)

அந்தக் குறை என்பது திரும்ப வரப்போகும் அசல்தான். எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவுக்கு இன்று அதற்கு மதிப்பு குறைவு. 50 வருடம் கழித்து வருவதற்கு இன்று 1,744. நூறு வருடம் கழித்து வருவதற்கு 152, நீங்கள் பார்த்த 19,847.91-இல் விடுபட்டது அதுதான். இருநூறு வருடம் என்றால் 1.16. "என்றென்றைக்கும்" என்று சொல்லும்போது நீங்கள் செய்வது ஒன்றே ஒன்று, அசலை ஒருநாளும் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், எடுக்கவே எடுக்காத அசலுக்கு இன்று மதிப்பு பூஜ்யம். எல்லை எடுப்பது என்பதன் முழு அர்த்தமும் எனக்கு இவ்வளவுதான், இதை வகுப்பில் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். நூற்றுஒன்றாவது வருடத்தில் தொடங்கி அதற்கப்புறம் வரும் அத்தனை மாணவர்களுக்கும், முடிவே இல்லாமல், கொடுக்கப்போகும் எல்லாப் பரிசும் சேர்ந்து இன்றைய மதிப்பில் 152-தான். முதல் இருபது பேருக்கு 12,462. கேட்டால் அநியாயமாகத் தோன்றும், ஆனால் பிற்கால மாணவர் ஒருவருக்கும் பரிசு குறையவில்லை. 152-ஐ நூறு வருடம் 5 சதவீதக் கூட்டு வட்டியில் தொடாமல் வைத்தால் அது 20,000 ஆகிவிடுகிறது, அவர்களுக்கான அசல் அப்போது தயாராக இருக்கும். மதிப்பு குறைவு என்பது காத்திருக்கும் காலத்துக்கான கழிவு மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. 5 சதவீதத்தில் இந்த அசல்-குறை பதினான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது, அதனால் நூறு வருடத்தை "கிட்டத்தட்ட முடிவிலி" என்று எடுத்துக்கொண்டால் ஒரு சதவீதம்கூடத் தப்பு வராது. இந்த வசதியை மனதில் பதித்துக்கொண்டு எல்லா வட்டிக்கும் அதையே நீட்டினால் மாட்டிக்கொள்வோம், நான் மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முடிவில்லாத ஒரு வருமானத்தை மதிப்பிடச் சொன்னார்கள், நான் "ஐம்பது வருடத்துக்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது" என்று அட்டவணையை ஐம்பதாவது வரியில் வெட்டிவிட்டேன். கழிவு விகிதம், அதாவது வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வட்டி, 2 சதவீதம். வருடம் 1,000 என்ற அளவில் சொன்னால், 2 சதவீதத்தில் உண்மையான மதிப்பு 50,000, ஐம்பது வரி கொடுப்பது 31,424. முப்பத்தேழு சதவீதத்தைக் காணோம்! மேலதிகாரி திட்டவில்லை, கடைசி வரியில் இருந்த தொகையைச் சுட்டிக்காட்டி "இது ஏன் இன்னும் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். 1,000-இன் இன்றைய மதிப்பு அந்த வரியில் 372 என்று இருந்தது. வெட்டும் இடத்தில் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிரோடு இருந்தால், வெட்டப்பட்ட வாலும் மொத்தத்தில் அதே பங்குதான், இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே எண், 1.02^-50. அன்றிலிருந்து அட்டவணையை வெட்டுவதற்கு முன் அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வெட்டுவதில்லை.

வால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போக 5 சதவீத வட்டியில் 95 வருடம் போதும். 2 சதவீதத்தில் 233 வருடம் ஆகும், 1 சதவீதத்தில் 463. வட்டி பூஜ்யம் என்றால் எல்லையே கிடையாது, n வருடத்துக்கு n ஆயிரம், அது எங்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். உங்கள் சந்தேகம், "முடிவில்லாமல் கொடுத்தால் முடிவில்லாத பணம்தானே வேண்டும்" என்பது, வட்டி இல்லாத உலகத்தில் நூற்றுக்கு நூறு சரி.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் நிதிக்குக் கட்டாயம் வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய 1,000-க்கு இன்னும் முப்பது வருடத்தில் என்ன வாங்க முடியும்? பரிசு வருடா வருடம் கொஞ்சம் ஏற வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிசு 1,000, அடுத்தது 1,030, அப்படியே மேலே. இதற்கான சூத்திரம் 1000/(0.05−0.03), அதாவது 50,000. எப்படி என்று முன்பு போலவே அசலை வைத்துப் பார்க்கலாம்: 50,000-க்கு வட்டி 2,500. அதில் 1,000 பரிசு, மீதி 1,500-ஐ அசலோடு சேர்த்துவிடுகிறீர்கள். அசல் 51,500 ஆகிறது, சரியாக 3 சதவீத ஏற்றம். அடுத்த வருடம் வட்டி 2,575, பரிசு 1,030, மீதி 1,545 அசலுக்கு, அதுவும் அசலில் 3 சதவீதம். அசலும் பரிசும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன.

இங்கேயும் n வருட மதிப்பு என்பது 50,000-இல் இருந்து, n வருடம் கழித்துக் கையில் இருக்கும் அசலின் இன்றைய மதிப்பைக் கழித்ததுதான். ஆனால் இந்த அசல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, 3 சதவீதம் ஏறிக்கொண்டே இருக்கிறது, கழிவு 5 சதவீதம் கீழே இழுக்கிறது, இரண்டும் இழுத்து ஒவ்வொரு வருடமும் 1.03/1.05 மடங்கு ஆகிறது. சுருங்குகிறதுதான், ரொம்ப மெதுவாக. நூறு வருடத்தில் தொகை 42,693 வரைதான் வருகிறது, 14.6 சதவீதம் இன்னும் வெளியே நிற்கிறது. முந்தைய பந்தயத்தில் வித்தியாசம் 1-க்குள் வர 203 வருடம் சொன்னேன் இல்லையா, இதற்கு 563 வருடம் சொல்ல வேண்டும்.

பரிசின் ஏற்றம் வட்டியைத் தொட்டால்? ஏற்றமும் 5, வட்டியும் 5 என்றால் ஒவ்வொரு பரிசின் இன்றைய மதிப்பும் ஒரே 952.38, n பரிசுக்கு அதன் n மடங்கு, எல்லை இல்லை. எவ்வளவு பெரிய அசல் போட்டாலும் இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது. ஏற்றம் 7 என்று போட்டுப் பாருங்கள், சூத்திரம் 1000/(0.05−0.07) என்று கணக்குப் போட்டு −50,000 என்று கூசாமல் எழுதிக் கொடுக்கும். என்றென்றைக்கும் பரிசு கொடுக்க நீங்கள் ஒன்றும் போட வேண்டாம், உங்களுக்கே யாரோ 50,000 தருவார்கள் என்று அர்த்தம்!

இந்த அபத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இந்தச் சூத்திரத்தை விளக்குபவர்களில் பலர் ஒரு குறுக்கு வழியைத்தான் காட்டுகிறார்கள்: மொத்த மதிப்பை S என்று வைத்துக்கொள், முதல் பரிசை எடுத்துவிட்டால் மீதியும் அதே S-இன் ஒரு மடங்குதான், ஆகவே சமன்பாட்டைத் தீர்த்தால் S வந்துவிடும். அழகான வழி, நானும் மனக்கணக்குக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் "S என்று வைத்துக்கொள்" என்ற முதல் வரியிலேயே அப்படி ஒரு எண் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். இல்லாத எண்ணை இருப்பதாக வைத்துக்கொண்டு சமன்பாட்டைத் தீர்த்தால் சமன்பாடு எதையாவது ஒன்றைக் கொடுக்கத்தான் செய்யும். n வருடம், n வருடம் என்று முடிவுள்ள தொகைகளாகக் கூட்டி, அவை எங்காவது அடங்குகின்றனவா என்று பார்ப்பவருக்கு இந்த விபத்து நடக்காது. 7 சதவீத ஏற்றத்தில் நூறு வருடத் தொகையே ஏறக்குறைய 2,80,000 வந்துவிடும், இன்னும் வேகம் எடுத்துக்கொண்டிருக்கும், பார்த்ததுமே தெரியும். கழிவு விகிதத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வளர்ச்சி விகிதத்தை வைத்து யாராவது பெரிய மதிப்பைக் காட்டினால் முதலில் நான் கேட்பது, நூறு வருடத்துக்குள் அதில் எவ்வளவு வருகிறது என்பதைத்தான். பாதிகூட வரவில்லை என்றால் அந்த மதிப்பு முழுக்க யாரும் பார்க்கப்போகாத காலத்தைப் பற்றிய ஊகம்.

இனி உங்கள் 20,000-க்கே திரும்பி வருவோம். அதில் உண்மையான பலவீனம் முடிவிலி அல்ல, அந்த 5 சதவீதம். சூத்திரம் அதே 5 என்றென்றைக்கும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறது. நிதி தொடங்கிய கையோடு வட்டி 4 ஆகிவிட்டது, நீங்கள் பரிசைக் குறைக்காமல் 1,000-ஆகவே கொடுத்து வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வட்டி 800, அசலில் 200 கடிக்கிறீர்கள். பெரிதாகத் தெரியாது. ஆனால் அடுத்த வருடம் வட்டி 792, கடி 208. அதற்கடுத்து 216. கடி தானே வருடம் 4 சதவீதம் வளர்கிறது. எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு உங்கள் பழைய சூத்திரத்தையே திருப்பிப் போட வேண்டும், 4 சதவீதத்தில் எந்த n-க்கு மதிப்பு 20,000 ஆகும் என்று. 1−1.04^-n = 0.8 என்று வரும், n 41-ஐச் சற்றே தாண்டும். 41 பரிசு முழுதாகக் கொடுப்பீர்கள், அப்புறம் பெட்டியில் சுமார் 35 மிஞ்சும். வட்டி ஒரு சதவீதம் குறைந்ததும் "என்றென்றைக்கும்" என்பது 41 வருடமாகச் சுருங்கிவிட்டது. 4 சதவீதத்தில் முடிவிலாத 1,000-க்கு 25,000 வேண்டும், அதாவது கால் பங்கு அதிகம். இதே வட்டிச் சரிவில் வெறும் இருபது வருட ஆண்டுத்தொகையின் மதிப்பு 12,462-இல் இருந்து 13,590 ஆகிறது, ஒன்பது சதவீதம்தான் கூடுகிறது. காலம் நீளநீள வட்டியின் மாற்றம் பலமாக அடிக்கும், முடிவிலியில் அடி உச்சத்தில் இருக்கும்.

வட்டி விழுந்தால் நடப்பதற்கு வரலாற்றிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டிஷ் அரசு 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி கன்சால் என்ற பெயரில் அசலைத் திருப்பித் தரத் தேதியே இல்லாத கடன் பத்திரங்களை வைத்திருந்தது. 100 முகமதிப்புக்கு வருடம் 3 என்று வட்டி. திருப்பித் தர வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை, ஆனால் திருப்பித் தரும் உரிமை உண்டு, இதில்தான் சூட்சுமம். உலகில் வட்டி விழுந்தபோது 1888-இல் 2.75 என்றும், 1903 முதல் 2.5 என்றும் வட்டியைக் குறைத்தார்கள், பிடிக்காதவர்கள் அசலை வாங்கிக்கொண்டு போகலாம். கடைசியில் 2015 ஜூலையில் மிச்சமிருந்ததையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டார்கள். சூத்திரப்படி சந்தை வட்டி 2 என்றால் வருடம் 2.5 தரும் காகிதம் 125 பெறும். எதிராளிக்கு 100-ஐக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் உரிமை இருக்கும்போது 125 கொடுத்து வாங்குபவர் யார்? அதனால் உங்கள் 20,000-ஐ எங்கே போடப்போகிறீர்களோ அந்த இடம் 5 சதவீதத்தை எத்தனை வருடத்துக்கு உறுதி தருகிறது, முன்னதாகவே அசலைத் திருப்பித் தர அவர்களுக்கு உரிமை உண்டா என்று எழுத்தில் பாருங்கள்.

உங்கள் நிதிக்கான பத்திரம் எழுதும்போது இதற்கு ஒரு எளிய வழி உண்டு. "வருடம் 1,000" என்று எழுதாமல் "அந்தந்த வருடம் கிடைத்த வட்டி, அசலைத் தொடாமல்" என்று எழுதுங்கள். அப்போது வட்டி 4 ஆனால் பரிசு 800, 6 ஆனால் 1,200. 41 வருடத்துச் சிக்கல் எழவே எழாது, விலை ஏற்றத்தின் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும், அதற்கு வட்டியில் ஒரு பங்கை அசலோடு சேர்க்கச் சொல்லி இன்னொரு வரி எழுத வேண்டும். என்னைக் கேட்டால் தொகையை நிலையாக வைப்பதைவிட விகிதத்தை நிலையாக வைப்பதுதான் நல்லது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், கூட்டத்தில் கட்டாயம் வரும். மேலே உள்ள எல்லாக் கணக்கும் முதல் பரிசு இன்றிலிருந்து ஒரு வருடம் கழித்து என்று வைத்துக்கொண்டது. நிதி தொடங்கும் விழாவிலேயே முதல் பரிசையும் கொடுத்துவிடலாம் என்று யாராவது உற்சாகப்பட்டால், வேண்டியது 20,000 அல்ல, 21,000.